பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளில் எவ்வளவு காஃபின்? டீ, கோலா, சாக்லேட் பானம் எல்லாவற்றையும் சேர்த்து வீட்டிலேயே கணக்கிடும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளின் காஃபினைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் கோலாவின் மேல்தான் பழி விழும். அடுத்தது சாக்லேட். காலையில் பல் துலக்கியதும் ஒரு டம்ளர், பள்ளிவிட்டு வந்ததும் ஒரு டம்ளர் என்று உள்ளே போகும் டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பாலும் சர்க்கரையும் கலந்திருப்பதால் அது ஆகாரத்தோடு ஆகாரமாகிவிடுகிறது. "பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகலாமா? ஒரு வாய் டீயாவது குடித்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்லும் அப்பத்தாவின் அக்கறையில் குறையில்லை. ஆனால் எழுதிக் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் பிள்ளையை எல்லை தாண்ட வைப்பது அந்த டீதான். அதனால் இந்த வழிகாட்டியில் டீக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: பிள்ளையின் எடையைப் பாருங்கள்

காஃபின் எல்லையை எடையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கனடாவின் சுகாதாரத் துறை ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கவலை எழாது என்று சொன்னது. பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் குறைவாக இருந்ததால், பெரியவர்களிடம் கண்ட அளவிலிருந்தே அந்த எண்ணை எடுத்தார்கள். ஆகவே 3 என்பதைக் கடைசி எல்லையாகவும், 2.5 என்பதை வீட்டுக் கணக்குக்கான எல்லையாகவும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டுமே தாண்டக் கூடாத கோடுகள். குடித்துத் தீர்க்க வேண்டிய அளவு என்று எண்ணிவிடக் கூடாது. வளரும் உடலுக்குக் காஃபின் தேவையே இல்லை.

கனடாவின் பட்டியலில் வயதுவாரியாகவும் எண்கள் உண்டு: 4 முதல் 6 வயது வரை 45 மில்லிகிராம், 7 முதல் 9 வரை 62.5, 10 முதல் 12 வரை 85. இவற்றை 2.5-ஆல் வகுத்தால் 18, 25, 34 கிலோ என்று வரும். அந்தந்த வயதில் பிள்ளை அவ்வளவு எடை இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நம் ஊரில் ஒல்லியான பிள்ளைகள் நிறைய. பத்து வயதில் 26 கிலோ இருக்கும் பிள்ளைக்கு 85 என்ற எண்ணை எடுத்தால் 20 மில்லிகிராம் கூடுதலாகக் கொடுத்துவிடுவோம். எனவே வயதை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள்.

இங்கே ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, அப்பத்தா, பத்தாம் வகுப்பு அக்கா, நான்காம் வகுப்புத் தம்பி என்று ஐந்து பேர். தம்பியின் எடை 26 கிலோ. அவனுடைய நாள் எல்லை 26 × 2.5 = 65 மில்லிகிராம். எக்காரணத்தாலும் தாண்டக் கூடாத கோடு 26 × 3 = 78. இந்த இரண்டு எண்களையும் சமையலறை நாள்காட்டியில் எழுதிவையுங்கள்.

இரண்டாம் படி: டீயை அளக்காமல் தூளை அளக்க வேண்டும்

"ஒரு கப் டீயில் எவ்வளவு காஃபின்?" என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியே, 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் என்று இரு மடங்குக்கு மேல் இடைவெளி விட்டுத்தான் சொல்கிறது. தூள் எவ்வளவு, எந்த ரகம், எத்தனை நிமிடம் கொதித்தது என்பதைப் பொறுத்து அது மாறும்.

காஃபின் இருப்பது தூளில். அதனால் தூளைப் பிடித்தால் கணக்கு எளிதாகிவிடும். காய்ந்த தேயிலையின் எடையில் ஏறக்குறைய 2 முதல் 4 விழுக்காடு காஃபின். நாம் வாங்கும் டஸ்ட் ரகம் பொடிப்பொடியாக இருப்பதாலும், அதை நாம் வெந்நீரில் முக்கி எடுக்காமல் கொதிக்கவிட்டுக் காய்ச்சுவதாலும், அதில் பெரும்பகுதி டீயில் இறங்கிவிடுகிறது. வீட்டுக் கணக்குக்கு ஒரு கிராம் தூள் என்றால் 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுப்பான ரகத்தில் இது 30-ஐயும் தாண்டலாம் என்பதால், விடை எல்லையை ஒட்டி வந்தால் எல்லை தாண்டியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தராசு இல்லாவிட்டாலும் தூளை அளக்க வழி உண்டு. 250 கிராம் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே தேதியை எழுதிவிடுங்கள். தீர்ந்த அன்று எத்தனை நாள் வந்தது என்று எண்ணுங்கள். நாம் பார்க்கும் வீட்டில் 16 நாள் வந்தது. 250-ஐ 16-ஆல் வகுத்தால் நாளைக்குச் சுமார் 16 கிராம். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை காய்ச்சுகிறார்கள் என்றால் ஒரு தடவைக்கு 8 கிராம். அந்தப் பாத்திரத்தில் இருக்கும் காஃபின் 8 × 25 = 200 மில்லிகிராம். ஐந்து டம்ளர்களில் சமமாக ஊற்றினால் டம்ளருக்கு 40.

இடையில் விருந்தாளிகள் வந்து போயிருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். அதனால் திருவிழா, விசேஷம் இல்லாத நாட்களில் ஒரு பாக்கெட்டை முடித்துப் பாருங்கள்.

இதில் வழக்கமாக நேரும் பிழைகள் மூன்று. பால் அதிகம் சேர்த்தால் காஃபின் குறைந்துவிடும் என்று நினைப்பது ஒன்று. டம்ளரில் டிகாஷனின் பங்கு குறைந்தால்தான் காஃபின் குறையும். பால் காஃபினை முறிப்பதில்லை. பாலில்லாத எலுமிச்சை டீயும் பச்சைத் தேயிலையும் பிள்ளைக்கு நல்லது என்று எண்ணுவது இன்னொன்று. அவற்றிலும் காஃபின் இருக்கிறது. மூன்றாவது, நிறத்தைப் பார்த்துக் கணிப்பது. முன்பே காய்ச்சிய தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் நிறம் ஓரளவு வரும், ஆனால் காஃபினில் பெரும்பங்கு முதல் தடவையிலேயே இறங்கியிருக்கும். அதேபோல் பால் அதிகமாகி வெளுத்துத் தெரியும் டீயில் தூள் தாராளமாகப் போட்டிருக்கலாம்.

மூன்றாம் படி: கோலாவும் எனர்ஜி பானமும் ஒன்றல்ல

சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. 200 மில்லி புட்டி ஒன்று 20 மில்லிகிராம். நாம் பார்த்த வீட்டு டீயில் அரை டம்ளருக்குச் சமம். கோலாவில் பெரிய தொல்லை சர்க்கரைதான், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். காஃபினைப் பொறுத்தவரை, எப்போதாவது ஒரு புட்டி குடிப்பதைவிட அன்றாடம் குடிக்கும் இரண்டு டம்ளர் டீயே கனமானது.

கடை வாசலில் அதே விலையில், அதே அளவுப் புட்டியில் அடுக்கியிருக்கும் எனர்ஜி பானத்தின் கதையே வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் உள்ளதுதான் காஃபின் பானம் என்ற வகையில் வரும். மேல் வரம்பில் இருக்கும் 250 மில்லி புட்டியில் 75 மில்லிகிராம். நம் 26 கிலோப் பையனுக்கு ஒரே ஒரு புட்டியிலேயே நாள் எல்லை தாண்டிவிடும், அதுவும் சில நிமிடங்களுக்குள். பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று புட்டியின் மேலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2011-லேயே பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் எனர்ஜி பானம் கூடாது என்று சொல்லிவிட்டது. இதில் அரைப் புட்டி, கால் புட்டி என்ற பேரமே வேண்டாம். பள்ளி வயதில் இது அறவே கூடாது.

மற்றப் புட்டிகளைப் பொறுத்தவரை நிறம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கறுப்பாக இருப்பதில்தான் காஃபின் உண்டு என்ற நம்பிக்கை தவறு. சேர்த்திருந்தால் லேபிளில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பன்னீர் சோடா, நன்னாரி சர்பத், பானகம், மோர் இவற்றில் காஃபின் இல்லை.

நான்காம் படி: சாக்லேட் பானம்

இங்கே அதிகம் பயப்பட ஒன்றுமில்லை. பாலில் கலக்கும் சாக்லேட் மால்ட் பொடியில் கோகோ கொஞ்சம்தான். இரண்டு கரண்டி போட்டாலும் 3, 4 மில்லிகிராம் அளவில்தான் காஃபின் வரும். கோகோப் பொடியையே நேரடியாகப் பாலில் கலந்தால் 5 கிராமுக்குச் சுமார் 12 மில்லிகிராம். 25 கிராம் பால் சாக்லேட்டில் 5. கறுப்புச் சாக்லேட் என்றால் அதே எடைக்கு 20 வரை போகும். கோகோவில் தியோபுரோமின் என்ற உறவுப் பொருளும் உண்டு. அதன் தூண்டும் வேகம் காஃபினைவிட மிகக் குறைவு என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மால்ட் பானத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் டீ கொடுக்கும் வீடுகள் உண்டு. சர்க்கரைக்காக நிறுத்தியிருக்கலாம், ஆனால் காஃபின் கணக்கில் அது பத்து மடங்கு கூடுதல்.

ஐந்தாம் படி: ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள்

நான்காம் வகுப்புப் பையனுக்குத் திரும்புவோம். காலை ஆறரைக்கு ஒரு டம்ளர் டீ, 40. மாலை ஐந்து மணிக்குப் பள்ளிவிட்டு வந்து இன்னொன்று, 40. இரவு மால்ட் கலந்த பால், 4. மொத்தம் 84. சாதாரணப் பள்ளி நாளிலேயே, கோலா வாசனை கூடப் படாமல், 65 என்ற எல்லையைத் தாண்டி 78 என்ற கடைசிக் கோட்டையும் தாண்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை 200 மில்லி கோலா சேர்ந்தால் 104. அம்மா கவலைப்பட்டது அந்தக் கடைசி 20-க்காக. அன்றாடம் போகும் 80 அவர் கண்ணில் படவே இல்லை.

அக்காவுக்கு 45 கிலோ. எல்லை 112. இரண்டு டம்ளர் டீயில் 80. தேர்வுக்குப் படிக்கும்போது இரவு ஒன்பதரைக்கு ஓர் இன்ஸ்டன்ட் காப்பி. மேலே சொன்ன உணவு வழிகாட்டியின்படி 150 மில்லியில் 50 முதல் 65. ஆக 130-க்குக் குறையாது. கூட்டுத்தொகையைவிட அந்த ஒன்பதரை மணிதான் அவளுக்கு அதிகக் கெடுதல்.

ஏன் என்றால், உள்ளே போன காஃபினில் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். மாலை ஐந்து மணி டீயில் இருந்த 40-இல், இரவு பத்து மணிக்கும் 20 பையனின் உடம்பில் மிச்சமிருக்கலாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டிவரும். அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு இருக்கிறது, ஆனால் தெரிவதில்லை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஏழே முக்கால் பஸ்ஸுக்கு ஆறரை மணிக்கு எழ வேண்டிய பையன், பத்தரை வரை புரண்டுகொண்டிருந்தால் எட்டு மணி நேரம்தான் மிச்சம். காலையில் எழுப்ப முடியாது, எழுப்புவதற்கு டீ, மாலையில் சோர்வு, அதற்கும் டீ. வீட்டில் இது சோம்பல் என்று பெயர் வாங்கிவிடுகிறது.

ஆறாம் படி: மிஞ்சிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

படுத்து அரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வராமல் இருப்பதுதான் முதல் அடையாளம். கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், வயிற்றுவலி, அடிக்கடி சிறுநீர் போவது எல்லாம் அதன் பின்னே வரும். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் ஓர் அடையாளம் கிட்டத்தட்டக் காட்டிக்கொடுத்துவிடும்: விடுமுறை நாளில் டீ தாமதமானாலோ, வெளியூரில் டீ கிடைக்காமல் போனாலோ பிள்ளைக்குத் தலைவலி வருகிறது, ஒரு டம்ளர் குடித்ததும் போய்விடுகிறது. உடம்பு காஃபினுக்குப் பழகிவிட்டது என்று பொருள். அந்தத் தலைவலிக்கு மாத்திரை கொடுக்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் பாராசிட்டமாலோடு காஃபினும் சேர்ந்திருக்கும். அதைக் கொடுத்தால் தலைவலி நிற்கும், காரணம் மறைந்துவிடும்.

ஏழாம் படி: குறைப்பது எப்படி?

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலியும் சிடுசிடுப்பும் தொடங்கி ஒரு வாரம் வரை நீடிக்கலாம். "பார், டீ இல்லாமல் பிள்ளை எப்படி வாடிவிட்டான்" என்று வீட்டில் யாராவது மறுபடி ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

பால், தண்ணீர், தூள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சும் வழக்கத்தை முதலில் மாற்றுங்கள். தூளைத் தண்ணீரில் மட்டும் கொதிக்கவிட்டு டிகாஷனாக வடித்துக்கொள்ளுங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சுங்கள். 8 கிராம் தூளைப் போட்டு, வடித்த பின் 200 மில்லி டிகாஷன் நிற்கும்படி தண்ணீர் வைத்தால் கணக்கு அழகாக அமைந்துவிடும்: 200 மில்லியில் 200 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம். ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி என்பதால் கரண்டிக்கு 15 மில்லிகிராம். பெரியவர்கள் தங்கள் டீயை எப்போதும்போலக் குடிக்கலாம். பையனின் டம்ளரில் மட்டும் கரண்டியால் அளந்து ஊற்றிப் பாலால் நிரப்புங்கள். இதுவரை அவன் குடித்தது கிட்டத்தட்ட மூன்று கரண்டி டிகாஷன்.

தூக்கத்தைக் கெடுப்பது மாலை டீ என்பதால் அதில் தொடங்குங்கள். மூன்று நாள் இரண்டு கரண்டி, அடுத்த மூன்று நாள் ஒரு கரண்டி, அதன் பின் டிகாஷன் இல்லாமல் ஏலக்காயோ பனங்கற்கண்டோ போட்ட பால். சுக்குமல்லிக் காப்பியும் ஆகும், ஆனால் வீட்டில் இடித்த பொடியாக இருக்கட்டும். கடைகளில் அதில் காப்பித்தூளும் சேர்ப்பதுண்டு. பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு உண்மையில் இருப்பது பசியும் தாகமும்தான். ஒரு சொம்பு மோரும் இரண்டு பணியாரமும் முன்னால் இருந்தால் டீயைக் கேட்பதே பாதியாகக் குறையும். கும்மாயம் கிண்டிய நாளில் இன்னும் எளிது.

மாலை டீ நின்று ஒரு வாரம் ஆன பிறகு காலை டம்ளரை மூன்று கரண்டியிலிருந்து இரண்டாக்குங்கள். இப்போது பையனின் கணக்கு: காலை 30, இரவு மால்ட் 4, மொத்தம் 34. ஞாயிற்றுக்கிழமை கோலா குடித்தாலும் 54. 65-க்குள் வந்துவிட்டான். இங்கேயே நிற்கலாம். நிற்காமல் ஒரு கரண்டி, பிறகு வெறும் பால் என்று இறங்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் எடை 20 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், எல்லை 50. இந்த வீட்டு டம்ளர் ஒன்றே அதை ஏறக்குறைய நிரப்பிவிடும் என்பதால், டீப் பழக்கத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

காலை டீயைத் தொடர்ந்தால் பலகாரத்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். டீயில் உள்ள டானின், தானியம், பருப்பு, கீரையிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது அதே தேசிய வழிகாட்டி.

கல்யாண வீட்டில்

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் விசேஷம் என்றால் இரண்டு, மூன்று நாள் பிள்ளைகள் முகப்புக்கும் வளவுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். காகிதக் கப்பில் டீ எப்போதும் சுற்றிவரும், ஐஸ் பெட்டியில் கோலா கிடக்கும். கப் சின்னது என்றாலும் டிகாஷன் நேரமாக ஆக அடுப்பில் கெட்டியாகிக்கொண்டே போகும். ஒரு கப்புக்கு 25 என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கப் டீயும் இரண்டு சின்னப் புட்டி கோலாவும் உள்ளே போனால் 90. யார் என்ன கொடுத்தார்கள் என்று அந்தக் கூட்டத்தில் எண்ண முடியாது. எனவே முன்கூட்டியே ஒரு விதி சொல்லி அனுப்புங்கள்: டீ கிடையாது, கோலா ஒன்று, அதுவும் மதியப் பந்திக்குள். பானகமும் நீர்மோரும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். சமையல்காரரிடம் பிள்ளைகளுக்கென்று ஒரு கேனில் ஏலக்காய்ப் பால் வைக்கச் சொன்னால் மறுக்க மாட்டார்.

இந்தக் கணக்கு பொருந்தாத பிள்ளைகள்

இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு, கவனக்குறைவுக்கான மருந்து என்று ஏதாவது இருந்தால் கிலோவுக்கு 2.5 என்ற கணக்கை விட்டுவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். வீசிங்குக்குத் தியோபிலின், எட்டோபிலின் வகை மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் அப்படியே. அவை காஃபினின் நெருங்கிய உறவு, ஒன்றோடொன்று சேர்ந்தால் படபடப்பும் வாந்தியும் கூடும். சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கும் நாட்களில் காஃபின் உடம்பிலிருந்து கழிவது மந்தமாகும் என்பதால் அந்த வாரம் டீயை நிறுத்திவையுங்கள். பழகிய பிள்ளைக்குத் தலைவலி வரலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எனர்ஜி பானம் போன்றவற்றைக் குடித்த பிள்ளைக்கு நிற்காத வாந்தி, நெஞ்சு வலி, அடங்காத படபடப்பு, மயக்கம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் வீட்டில் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். குடித்த புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு காஃபின் உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவர் அதன் லேபிளைப் பார்த்து அறிந்துகொள்வார்.